பார்வை நூல் பட்டியலிலிருந்து கருத்தரங்க உரை: மஞ்சக்குப்பம் வழக்கை முன்வைத்து ஒரு கருத்துரை

முதுகலைத் தமிழ் வகுப்புகளில் அகமதிப்பீட்டிற்காக நிகழும் கருத்தரங்குகளில் மாணவர் பத்து நிமிட உரை ஒன்றை எழுதிவந்து படிப்பது வழக்கம். பாடத்தாளின் ஓர் அலகு தலைப்பாகவும், அவ்வலகிற்குரிய பார்வை நூல் பட்டியல் உரைக்கான மூலமாகவும் தரப்படுகின்றன. பட்டியலில் ஏழு நூல்கள் இருப்பின் உரையில் ஏழு பத்திகள் இருக்கும். ஒவ்வொரு பத்தியும் ஓர் ஆசிரியர் பெயரில் தொடங்கி, ‘என்று குறிப்பிடுகிறார்’ என்று முடியும். நூல்கள் பட்டியலில் உள்ள வரிசையிலேயே உரையிலும் வரும். கேட்போர் நூற்பெயர்களை அறிவர். அந்நூல்கள் ஒன்றையொன்று எவ்வாறு நோக்குகின்றன என்பதை அறியார். இக்குறைக்கு மாணவரின் உழைப்பின்மையைக் காரணமாகச் சொல்வது எளிது. ஆனால் உழைத்துப் படித்த மாணவரின் உரையும் பெரும்பாலும் இவ்வடிவிலேயே அமைகிறது. பட்டியலை உள்ளடக்கமாகக் கொள்வதே குறையின் வேர். நூல்கள் தம்முள் முரணும் ஓரிடத்தைக் கண்டு, அங்கிருந்து ஒரு வினாவை எழுப்பும்போதுதான் பட்டியல் உரையாக மாறும்.

சிதம்பரத்திலும் கடலூரிலும் பயிலும் மாணவர்க்கு மிக அருகிலுள்ள பொருள் ஒன்றைக் கொண்டு இதனை விளக்கலாம். பத்தொன்பதாம் நூற்றாண்டுச் சைவ இலக்கிய அலகில் ‘அருட்பா – மருட்பா விவாதம்’ என்பது தலைப்பு எனக் கொள்வோம். பட்டியலில் இருக்கத்தக்கவை இவை: தொழுவூர் வேலாயுத முதலியார் 1867இல் பதிப்பித்த திருவருட்பா; அதனோடு அவர் செய்யுளாக இயற்றிச் சேர்த்த திருவருட்பா வரலாறு; ஆறுமுக நாவலர் 1869இல் வெளியிட்ட போலியருட்பா மறுப்பு; நாவலர் குடும்பத்தைச் சேர்ந்த த. கைலாசபிள்ளை எழுதிய ஆறுமுகநாவலர் சரித்திரம். ஊரன் அடிகளின் இராமலிங்க அடிகள் வரலாறு. இருதரப்புக் கண்டனங்களையும் ப. சரவணன் தொகுத்த அருட்பா மருட்பா கண்டனத் திரட்டு. ரிச்சர்ட் வைஸ் 2019இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட ஆய்வு நூல். ஔவை சு. துரைசாமிப்பிள்ளையின் பேருரையும் கையெட்டும் தொலைவிலேயே உள்ளது. அதனை வெளியிட்டது அண்ணாமலைப் பல்கலைக்கழகமே.

இத்தலைப்பில் உரையாற்ற வரும் மாணவர், பட்டியலைத் திறக்கும் முன்பே ஒரு கதையை அறிந்திருப்பார். நாவலர் தொடுத்த வழக்கிற்காக மஞ்சக்குப்பம் நீதிமன்றத்திற்கு அடிகள் வந்தார். அவர் நுழைந்ததும் அனைவரும் எழுந்தனர். வழக்குத் தொடுத்த நாவலரும் தம்மையறியாது எழுந்து வணங்கினார். அதனைக் கண்ட நீதிபதி, பாடல்கள் அருட்பாவே எனக்கொண்டு வழக்கைத் தள்ளினார் என்பது அக்கதை. வடலூர்த் தைப்பூசத்திற்குச் செல்லும் குடும்பங்களில் இக்கதையைக் கேளாமல் வளர்ந்தவர் அரியர். மஞ்சக்குப்பமோ கடலூர் நகரின் ஒரு பகுதி. கல்லூரிக்கு வரும் மாணவர் பலர் நாள்தோறும் கடந்துசெல்லும் இடம். கதை இவ்வளவு அணுக்கமாக இருப்பதால் அதனைச் சான்றின்றியே உரையில் சேர்த்துவிடும் இயல்பு உண்டாகிறது. உரையின் உச்சமாகவும் அதுவே அமைந்துவிடுகிறது. கைதட்டலும் அங்கேதான் எழும்.

பட்டியலை ஒழுங்காகப் படித்தவர்க்கு இவ்விடத்தில் ஒரு தடை தோன்ற வேண்டும். இந்தியத் தண்டனைச் சட்டம் 1860இல் இயற்றப்பெற்று 1862 முதல் நடைமுறைக்கு வந்தது. அவதூறு இன்னதென வரையறுக்கும் 499ஆம் பிரிவும், அதற்குரிய தண்டனையைக் கூறும் 500ஆம் பிரிவும் அதில் உள்ளன. ஒருவர் மற்றொருவரை இழித்துப் பேசினாரா என்பது அக்கால நீதிமன்றத்தின்முன் வரத்தக்க வினா. ஒரு பாடல் திருவருளால் பாடப்பெற்றதா என்பது அத்தகைய வினாவன்று. எனவே ‘நீதிமன்றம் அருட்பா எனத் தீர்ப்பளித்தது’ என்னும் தொடர், தன் அமைப்பிலேயே ஐயத்திற்கு இடமளிக்கிறது. நாவலர் மரபினர் சொல்லும் வடிவமோ வேறாக இருக்கிறது. தில்லைக் கோயிலில் நிகழ்ந்த கூட்டத்தில் நாவலரைப் பற்றிச் சொல்லப்பட்ட சொற்களே அங்கு வழக்கின் பொருள். அவ்வடிவில் தீட்சிதரும் எதிர்த்தரப்பில் நிற்கின்றனர். பாடல்களின் தன்மை குறித்த தீர்ப்பு என எதுவும் இல்லை. 1864இல் சிதம்பரத்தில் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவிய நாவலர்க்கும் தீட்சிதர்க்கும் ஆகம வழிபாடு, தீட்சை ஆகியவை பற்றி முன்பே பூசல் இருந்தது. அதனை அறிந்தால் இவ்வடிவம் எங்கிருந்து வந்தது என்பது விளங்கும்.

இரு வடிவங்களும் ஒத்துச் செல்லும் இடம் சிறிது. வழக்கு 1869ஐ ஒட்டி மஞ்சக்குப்பத்தில் நிகழ்ந்தது என்பதும், அடிகள் தண்டனைக்கு உள்ளாகவில்லை என்பதுமே அவை. எஞ்சியவற்றில் எது பிற்காலத்தார் சேர்த்தது, எது நேரில் கண்டோர் வழி வந்தது என்பதை நிறுவத் தீர்ப்பின் படி வேண்டும்; மேற்கண்ட பட்டியலில் அது இல்லை. பட்டியலில் இல்லாத ஆவணத்தின் சொற்களை உரை கூறலாகாது. இது மாணவர்க்கு விதிக்கப்படும் கடுமையன்று. கேட்போருள் ஒருவர் ‘இது எந்த நூலில் உள்ளது?’ என வினவினால், விடை கூற இயல வேண்டும் என்னும் எளிய தேவையே.

இனி, வழக்கைவிடப் பயனுள்ள வினா ஒன்று இப்பட்டியலிலேயே கிடக்கிறது. 1867 பதிப்பையும் 1869 மறுப்பையும் அடுத்தடுத்து வைத்துப் படித்தால், நாவலரின் சினம் பாடல்களைத் தொடுவதற்கு முன்பே நூலின் முகப்பைத் தொடுவது தெரியும். அருட்பா என்பது தேவாரம், திருவாசகம் முதலியவற்றிற்குச் சைவர் வழங்கிய பெயர். திருமுறை என்பது பன்னிரண்டாக வரையறுக்கப்பட்ட தொகுதியைக் குறிக்கும் சொல். வாழ்ந்துகொண்டிருக்கும் ஒருவர் பாடல்களுக்குத் திருவருட்பா எனப் பெயரிட்டு, அவற்றைத் திருமுறைகளாகப் பகுத்து, பாடியவரைத் திருவருட்பிரகாச வள்ளலார் எனக் குறித்தது 1867 பதிப்பு. பகுப்பும் பெயரும் வேலாயுத முதலியாருடையவை. அடிகளோ தம் கடிதங்களில் ‘சிதம்பரம் இராமலிங்கம்’ என்றே கையொப்பமிட்டவர். பதிப்பு முயற்சி நடந்த காலத்தில் இறுக்கம் இரத்தின முதலியாருக்கு எழுதிய கடிதத்தில், தம் பெயரை ‘இராமலிங்கசாமி’ என வழங்குவதும் ஆரவாரத்திற்கு இடமாகும் எனக் கருதி அதனை விலக்கக் கேட்டவர். ஆக, விவாதத்தைத் தொடங்கிவைத்தது பாடலா, பதிப்பா என்னும் வினா எழுகிறது. வைஸ் தம் நூலில் 1867 பதிப்பிற்குத் தனி இயலே ஒதுக்கி, அச்சும் திருமுறை என்னும் தகுதியும் இணைந்த விதத்தை ஆராய்வதும் இதனாலேயே.

இவ்வினா எட்டு நிமிடத்தில் விடை காணத்தக்கது. அதுவே அதன் சிறப்பு. ‘அருட்பா – மருட்பா விவாதம்: ஓர் ஆய்வு’ என்னும் தலைப்பு முனைவர்ப் பட்ட ஆய்விற்கே பெரிது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நா. கதிரைவேற் பிள்ளையும் மறைமலையடிகளும் எதிரெதிர் நின்ற இரண்டாம் கட்டத்தையும் அத்தலைப்பு உள்ளடக்கும். அக்கட்டத்தை உரையிலிருந்து முற்றாக நீக்கிவிடலாம். நீக்கியதை ஒரு தொடரில் அறிவித்தால் போதும்.

நேரக் கணக்கும் இங்கே துணைபுரியும். எழுதிய உரையை நிதானமாகப் படிப்பவர் நிமிடத்திற்கு ஏறத்தாழ நூறு சொற்களைக் கடப்பார். பத்து நிமிடத்தில் இரண்டை வினாவிடைக்கு ஒதுக்கினால் எஞ்சுவது எண்ணூறு சொற்கள். ஏழு நூல்களுக்கும் சமமாகப் பங்கிட்டால் ஒரு நூலுக்கு நூற்றுப் பதினைந்து சொற்கள்கூட முழுமையாகக் கிடையா. அதனுள் ஆசிரியர் பெயரும் ஆண்டும் போக, கருத்திற்கு இடமில்லை. ஒரு வினாவுக்கு எண்ணூறு சொற்கள் என்றாலோ, 1867 பதிப்பிற்கும் 1869 மறுப்பிற்கும் இருநூறு இருநூறாக அளித்து, வழக்கிற்கு இருநூறு வைத்து, தொடக்கத்திற்கும் முடிவிற்கும் எஞ்சியதைப் பயன்படுத்தலாம். ஊரன் அடிகள், கைலாசபிள்ளை ஆகியோரின் நூல்கள் வழக்குப் பகுதியில் இரு சாட்சிகளாக வந்து நிற்கும். பேருரை இவ்வுரைக்குத் தேவைப்படாது. பட்டியலில் உள்ள நூல் ஒன்று உரையில் வாராமற்போவது குற்றமெனக் கருதி மதிப்பெண் குறைக்கும் வழக்கம் சில வகுப்புகளில் உண்டு. அவ்வழக்கம் நீங்கினாலன்றி மாணவர் தெரிவு செய்யக் கற்கப்போவதில்லை.

மேற்கூறிய வினாவைக் கொண்டு அமையும் உரையின் சில பகுதிகள் கீழே மாதிரியாகத் தரப்படுகின்றன. தொடக்கம் இவ்வாறு அமையலாம்:

“அவையோர்க்கு வணக்கம். 1867ஆம் ஆண்டு ஒரு நூல் அச்சாயிற்று. அதன் பெயர் திருவருட்பா. இரண்டே ஆண்டுகளில் அதற்கு ஒரு மறுப்பு நூல் வந்தது. அதன் பெயர் போலியருட்பா மறுப்பு. இவ்விரு பெயர்களையும் சேர்த்துக் கேளுங்கள். மறுப்பின் பெயரிலேயே ஒரு சொல் திரும்ப வருகிறது. அருட்பா என்னும் அச்சொல் யாருக்கு உரியது என்பதே சண்டை. பாடல்கள் நல்லவையா என்பது பின்னர் வந்த கேள்வி. இவ்வுரை 1867 முதல் 1869 வரையுள்ள காலத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறது. கதிரைவேற் பிள்ளை காலத்து விவாதம் இதில் இடம்பெறாது.”

இப்பகுதியில் ஆசிரியர் வாழ்க்கைக் குறிப்பு இல்லை. 1823இல் மருதூரில் பிறந்தார் என்பதில் தொடங்கும் உரை, வினாவை அடைவதற்குள் இரண்டு நிமிடத்தை இழந்துவிடும். கடலூர் மாவட்டத்து வகுப்பறையில் அச்செய்தியை அறியாதவரும் இரார்.

நடுப்பகுதியில் வழக்கு வருமிடம் உரைக்குச் சோதனையானது. கதையைக் கேட்டு வளர்ந்தோர்முன் அதனைப் பொய்யெனச் சாடினால், அவர்கள் செவி அத்துடன் மூடிக்கொள்ளும். அதனை மெய்யென ஒப்பினால் ஆய்வு கெடும். எவர் எப்போது சொன்னார் என்பதைச் சொல்லிவிட்டு நகர்வதே இரண்டிற்கும் இடைப்பட்ட வழி:

“மஞ்சக்குப்பம் வழக்கை நாம் எல்லோரும் கேட்டிருக்கிறோம். அடிகள் வந்ததும் நாவலர் எழுந்து நின்றார் என்பது நாம் கேட்ட வடிவம். யாழ்ப்பாணத்தில் வளர்ந்த ஒருவர் வேறு வடிவத்தைக் கேட்டிருப்பார். அங்கே வழக்கு, தில்லைக் கோயிலில் பேசிய பேச்சைப் பற்றியது. இரண்டும் ஒரு செய்தியில் ஒத்துப்போகின்றன: அடிகள் தண்டிக்கப்படவில்லை. பாடல்களை அருட்பா என நீதிமன்றம் அறிவித்தது என்பதற்கு, இவ்வுரைக்காகப் படித்த நூல்களில் தீர்ப்பின் படி எதுவும் இல்லை. அன்றைய சட்டத்தில் அவதூறுக்குத் தண்டனை உண்டு. அருளுக்குச் சான்றிதழ் இல்லை. ஆனால் இக்கதை வேறொன்றைச் சொல்கிறது. 1867இல் முகப்புப் பக்கம் சூட்டிய பெயரைப் பிற்கால மக்கள் நீதிபதியின் வாயாலும் கேட்க விரும்பினார்கள்.”

இறுதித் தொடரில் கதை நீக்கப்படவில்லை. அது சான்றாகும் இடம் மாற்றப்பட்டுள்ளது. 1869இல் நிகழ்ந்ததற்குச் சான்றாகாத கதை, பெயர் பற்றிய பிற்கால நம்பிக்கைக்குச் சான்றாகிறது. பட்டியலை வரிசையாகச் சுருக்கிய உரையில் இத்தகைய நகர்வு நிகழ வழியில்லை.

பெயர் வழக்கிலும் கவனம் வேண்டும். வள்ளலார் என்றால் ஒரு தரப்பு, இராமலிங்கபிள்ளை என்றால் மறுதரப்பு என்னுமளவிற்கு இவ்விவாதத்தில் பெயரே நிலைப்பாடாக இருந்தது. எனவே ஒரே உரையில் மூன்று பெயர்களும் மாறி மாறி வந்தால், கேட்போர் அதனை நடை வேறுபாடாகக் கொள்ளார். ‘அடிகள்’ என ஒன்றைத் தெரிந்து இறுதிவரை அதனையே ஆள்வதும், நாவலரையும் அதே மதிப்புடன் குறிப்பதும் தக்கன. சிதம்பரத்தில் கல்வி நிறுவனம் கண்ட, தமிழ் உரைநடைக்கும் பதிப்பிற்கும் பெருந்தொண்டாற்றிய நாவலரை வெறும் பொறாமைக்காரராகக் காட்டும் உரை, 1869 மறுப்பு நூலைத் திறவாமல் எழுதப்பட்டது எனத் துணியலாம். பன்னிரு திருமுறை என்னும் எல்லையைக் காக்கும் ஒருவரின் தருக்கம் அதில் உள்ளது. உடன்படாதவரும் அத்தருக்கத்தை அதன் வலிமையோடு எடுத்துரைத்த பின்பே மறுக்க உரிமை பெறுவர்.

எழுத்தில் அமைவது செவிக்கு அமையாமற்போகும் இடங்களும் உண்டு. ‘மேலது, ப. 45’ என்னும் குறிப்பைச் சிலர் உரக்கப் படிக்கின்றனர். கேட்போர்க்கு அது எதன் மேலது என்பது தெரியாது. உரையில் நூற்பெயரும் ஆண்டும் முதல்முறை வாக்கியத்திற்குள்ளேயே வரவேண்டும். பக்க எண் கையிலுள்ள தாளின் ஓரத்தில் இருந்தால் போதும், கேட்டால் சொல்லலாம். செய்து, செய்தபின், செய்தமையால் என எச்சங்கள் அடுக்கிய நெடுந்தொடர் ஆய்வேட்டில் நிற்கும்; பேசும்போது எழுவாயை விழுங்கிவிடும். மேற்காட்டிய மாதிரியில் தொடர்கள் குறுகியிருப்பது இதனாலாகும். பாடலை எடுத்தாள்வதாயின் அச்சில் சந்தி சேர்ந்துள்ளவாறே படிப்பதை விடுத்து, சீர் பிரித்து எழுதிவைத்துக்கொண்டு ஓதுதல் வேண்டும். 1867ஆம் ஆண்டுப் பதிப்பிலிருந்து ஒரே ஒரு பாடல் போதும். அதனை இருமுறை ஓதினாலும் ஒரு நிமிடத்திற்கு மேற்செல்லாது.

உரை ஆயத்தமாகிவிட்டதா என அறிய ஒரு வழி உண்டு. எழுதி முடித்த தாளில் ஆசிரியர் பெயர்கள் அனைத்தையும் அடித்துவிட்டுப் படிக்க வேண்டும். அப்போதும் ஒரு வாதம் தொடர்ந்து செல்லுமாயின் உரை நிற்கும். பெயர்களை நீக்கியதும் துண்டு துண்டான செய்திகளே எஞ்சுமாயின், அது பட்டியலின் விரிந்த வடிவமே. மீண்டும் நூல்களுக்குச் செல்ல வேண்டும். வேறொரு குறியும் உண்டு: நூல்களின் வரிசையை மாற்றிப் படித்தாலும் உரை கெடவில்லையெனில் அதில் வாதம் இல்லை. மேற்காட்டிய உரையில் 1869 மறுப்பை 1867 பதிப்பிற்கு முன் வைக்க இயலாது. வழக்கை இவ்விரண்டிற்கும் முன் வைத்தால் கதை மட்டுமே மிஞ்சும்.

வினாவிடைக்கு ஒதுக்கிய இரண்டு நிமிடத்தில் பெரும்பாலும் எழக்கூடிய வினா, ‘அப்படியானால் நாவலர் எழுந்து நின்றாரா, இல்லையா?’ என்பது. இதற்கு ஆம், இல்லை என இரண்டும் கூறாது, எழுந்து நின்றார் எனக் கூறும் நூல் எது, அது நிகழ்ச்சிக்கு எத்தனை ஆண்டு பின்னர் எழுதப்பட்டது, அவ்வாசிரியர் யாரிடமிருந்து கேட்டார் என மூன்றையும் மாணவர் சொல்லலாம். இம்மூன்றையும் ஒரு தனித்தாளில் எழுதி உரைத்தாளின் பின்னே வைத்திருப்பது நன்று. அத்தாளில் ஊரன் அடிகள் நூலுக்கும் கைலாசபிள்ளை நூலுக்கும் தனித்தனி வரிகள் இருக்கும். மூன்றாவது வரி, தென்னார்க்காட்டு மாவட்ட நீதிமன்றப் பழைய பதிவேடுகளைத் தேடுவதற்கு ஒதுக்கப்பட்டு, வெறுமையாக இருக்கும்.